வெளிச்சவீடும் கரைவலையும்

பொருளியலார் உலகத்துப் பண்டங்களை இரண்டே வினாக்களைக் கொண்டு நான்கு வகையாகப் பிரிப்பர். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவர்க்கு உள்ளது குறைகின்றதா என்பது முதல் வினா. அவ்வாறு குறைவதனைப் போட்டித் தன்மை என்பர். பணங் கொடாதவரைப் பயன் பெறாது தடுத்தல் இயலுமா என்பது இரண்டாம் வினா. தடுத்தல் இயலுமாயின் அதனை விலக்கும் தன்மை என்பர். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு, நான் கூறும் சில நிலைமைகளுக்கு விடை காண முயலுங்கள்.

சந்தையில் ஒரு பாரை மீன் விலைக்கு இருக்கின்றது. அஃது எவ்வகைப் பண்டம்? நான் வாங்கி உண்டால் உங்களுக்கு அம்மீன் இல்லை. பணந் தராதவர்க்கு வணிகர் அதனைக் கொடார். இரு வினாக்களுக்கும் "ஆம்" என்பதே விடை. இது தனியார் பண்டம்.

பாதி இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கும் படமாளிகை எவ்வகை? நான் படம் பார்ப்பதால் உங்கள் காட்சி குறைவதில்லை. ஆயினும் சீட்டு இல்லாதவர் வாயிலைக் கடத்தல் இயலாது. போட்டி இல்லை, விலக்கல் உண்டு. இதனைக் கழகப் பண்டம் என்பர். இருக்கைகள் நிறைந்துவிட்டாலோ அங்கும் போட்டி தோன்றிவிடும்.

இனிப் பருத்தித்துறையிலுள்ளது போன்ற ஒரு வெளிச்சவீட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு படகு அவ்வொளியைக் கண்டு வழியறிவதால் அடுத்த படகுக்கு ஒளி குறைவதில்லை. பணந் தராத படகோட்டியின் கண்ணுக்கு மாத்திரம் அதனை மறைத்தலும் இயலாது. இரு வினாக்களுக்கும் "இல்லை" என்பதே விடை. இதுவே பொதுப் பண்டம்.

எஞ்சியிருப்பது கடலில் நீந்தும் மீன். நான் பிடித்த மீனை நீங்கள் பிடித்தல் இயலாது. எனினும் கடலுக்கு வருபவரைத் தடுத்தல் அரிது. போட்டி உண்டு, விலக்கல் இல்லை. இது பொது வளம். சந்தை மீனும் கடல் மீனும் ஒரே மீன்தான். வலைக்குள் வருமுன் ஒரு வகை. வந்தபின் வேறொரு வகை.

வெளிச்சவீடு, கடல் மீன் ஆகிய இரண்டிலும் யாரையும் விலக்க இயலாமையால், இரண்டின் குறையும் ஒன்றே எனப் பலர் கருதுவர். அது தவறு. இரண்டின் நோயும் நேர் எதிரானவை.

முதலில் வெளிச்சத்தின் நோயைப் பார்ப்போம். ஒரு கரையில் நாற்பது படகுக்காரர் உள்ளனர் எனக் கற்பனை செய்வோம். ஒரு விளக்கை நிறுவ 40,000 ரூபா வேண்டும். அதனால் ஒவ்வொருவர்க்கும் 2,000 ரூபா நன்மை உண்டு. மொத்த நன்மை 80,000 ரூபா. செலவோ அதிற் பாதி. ஆளுக்கு 1,000 ரூபா கொடுத்தாற் போதும். ஆனால் ஒருவர், "மற்றவர்கள் கொடுத்தால் நான் கொடாமலே விளக்கு எரியும், அவர்கள் கொடாவிடின் என் ஆயிரத்தால் விளக்கு வரப்போவதில்லை" என எண்ணுகின்றார். அவர் எண்ணியதில் கணக்குப் பிழை இல்லை. நாற்பது பேரும் அவ்வாறே எண்ணினால் விளக்கு வராது. சீட்டு வாங்காது பேருந்தில் ஏறுபவரைப் போன்ற இத்தகையோரையே பொருளியலார் இலவசச் சவாரிக்காரர் என்பர்.

இதற்குப் பிரித்தானியர் கண்ட வழி ஒன்றுண்டு. ஒளியிடத்தில் எவரையும் மறிக்க இயலாது. ஆயினும் கப்பல் துறைமுகத்துக்கு வந்தே தீர வேண்டும். ஆதலின் ஆங்கே வெளிச்சக் கட்டணம் அறவிடப்பட்டது. பொருளியலறிஞர் ரொனால்ட் கோஸ் 1974ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இவ்வரலாற்றை விளக்கியுள்ளார். எனினும், அத்துறைமுகங்கள் எதனையும் தொடாது அப்பாற் செல்லும் கப்பல் ஒளியைப் பெற்றுங் கட்டணஞ் செலுத்துவதில்லை. அவ்வழியின் எல்லையும் அதுவே.

இனிப் பொது வளத்தின் நோயைப் பார்ப்போம். நம் நாட்டின் தென்கரையிலுள்ள மாவெல்ல என்னும் ஊரின் கரைவலைத் தொழிலைப் போல் அலெக்சாந்தர் என்னும் மானிடவியலாளர் ஆராய்ந்தார். எலினோர் ஒஸ்ற்றம் அம்மையார் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவ்வூரை எடுத்துக்காட்டினார். அவரே 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். அவ்வூரில் வலை வளைக்கும் இடம் குறுகியது. ஆதலின் வலைகள் முறைவைத்து இறக்கப்பட்டன. நல்ல முறை எல்லா வலைக்கும் சுழன்று வந்தது. சண்டையைத் தவிர்க்கும் நேர்மையான ஏற்பாடு அது. ஆயினும் வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு நிலைக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெருகியது.

அதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்காற் காண்போம். ஒரு பருவத்தில் 120 முறை வலை வளைக்கலாம். முறை ஒன்றுக்கு 20,000 ரூபா பெறுமதியான மீன் கிடைக்கும் எனக் கொள்வோம். மொத்த வரவு 24 இலட்சம். ஒரு வலையைப் பேண ஆகும் செலவு 60,000 ரூபா. இருபது வலைகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் ஆறு முறை, வரவு 1,20,000, செலவு போக மிச்சம் 60,000. இதனைக் கண்ட மற்றொருவர் இருபத்தோராவது வலையைக் கட்டுகின்றார். அவர்க்கும் ஆதாயம் உண்டு. ஆனால் முறைகள் 120தான். அவ்வூருக்கு ஒரு மீன்கூட மிகுதியாக வரவில்லை. அவர் பெற்றது மற்றவர் இழந்ததே. முப்பது வலைகளானால் ஒவ்வொன்றுக்கும் நான்கு முறை, மிச்சம் 20,000. நாற்பதானால் மூன்று முறை. வரவு 60,000, செலவும் 60,000. முன்பு ஊருக்கு மிஞ்சிய 12 இலட்சமும் தேவையற்ற வலைகளிலே கரைந்துவிட்டது.

இக்கணக்கிற் கடல் மீன் அழிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மீன் அழியுமுன்னரே மீனவர் வறியராகலாம். அதனை அறியும் குறி யாது? மொத்தப் பிடி அவ்வளவாக மாறாதிருக்க, ஒரு வலைக்குரிய பிடி ஆண்டுதோறும் இறங்கிவருதலே குறி. மொத்தப் பிடியும் இறங்கத் தொடங்கினால் நோய் அடுத்த படிக்குச் சென்றுவிட்டது என ஐயுறலாம்.

ஆகவே பொதுப் பண்டம் போதிய அளவு உண்டாக்கப்படாமையாற் கெடுகின்றது. பொது வளம் அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்தப்படுவதாற் கெடுகின்றது. முன்னதற்கு வேண்டியது எல்லோரையும் செலவிற் பங்குகொள்ளச் செய்தல். பின்னதற்கு வேண்டியது வரவை மட்டுப்படுத்தல். வெளிச்சவீட்டுக்குப் புதிய படகு வந்தால் எவர்க்கும் நட்டமில்லை. செலவைப் பகிர மற்றொருவர் கிடைத்தார். கரைவலைக்குப் புதிய வலை வந்தால் எல்லோர்க்கும் நட்டம்.

இறுதியாக ஒரு நிலைமை. கரையிலே இருபது வலைக்கு மேல் கூடாதென ஊரார் தீர்மானிக்கின்றனர். வலையில்லாத குடும்பத்து இளைஞன் ஒருவன் வந்து, "உங்கள் பாட்டன்மார் முந்திக்கொண்டது என் குற்றமா?" என்று கேட்கின்றான். அவனையும் சேர்த்துக்கொண்டால் நாற்பதாவது வலைக்கு வழி திறக்கும். மறுத்தால் கடல் சிலருக்கே உரித்தாகும். புதிய வலை கட்டாது, உள்ள வலையொன்றில் அவனுக்குப் பங்கு விற்றல் ஒரு வழி. அப்போது வலையின் தொகை ஏறாது, ஆதாயமே பிரியும். அப்பங்கின் விலையை அவனாற் கொடுக்க முடியுமா என்பதைப் பொருளியலின் இரு வினாக்களும் சொல்லமாட்டா. அதனை ஊரார்தாம் கூடித் தீர்த்தல் வேண்டும்.