சராசரிக்கு மடக்கையா, மடக்கைக்குச் சராசரியா?

அமெரிக்காவில் ஓராண்டில் ஆகும் மருத்துவச் செலவில் ஏறக்குறையப் பாதி, மக்களில் வெறும் 5 விழுக்காட்டினருக்காகவே ஆகிறது. செலவு குறைந்த பாதிப் பேரை மொத்தமாகச் சேர்த்தாலும் அவர்கள் பங்கு 3 விழுக்காட்டைச் சுற்றித்தான் நிற்கிறது. அங்கு நடக்கும் குடும்பக் கணக்கெடுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு இதே படத்தைத்தான் காட்டுகின்றன.

மருத்துவமனை பில்களின் இயல்பே இதுதான். பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். ஒருவருக்கு மட்டும் தொற்று ஏற்பட்டு, ஐ.சி.யூ.வில் இரண்டு வாரம் கிடந்து, பில் பல மடங்காகிவிடும். பில் தொகைகளை வரைபடமாகப் போட்டால் இடப்பக்கம் கூட்டம் நெரியும். வலப்பக்கம் நீண்ட வால் ஒன்று ஓடும். இப்படி ஒருபக்கம் சாய்ந்து கிடக்கும் தரவைக் கொண்டு 'புதிய சிகிச்சை முறை செலவைக் குறைக்கிறதா?' என்று கேட்டால், கணக்குப் போடும் வழியைப் பொறுத்து விடை தலைகீழாக மாறிவிடக்கூடும்.

பத்தே பத்து பில்களை வைத்து அதைப் பார்த்துவிடலாம். இவை கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஓர் அறுவை சிகிச்சையைப் பழைய முறையில் செய்துகொண்ட ஐந்து பேரின் பில், ஆயிரம் ரூபாய்க் கணக்கில் 40, 50, 60, 70, 80. புதிய முறையில் செய்துகொண்ட ஐந்து பேருக்கு 30, 30, 40, 40, 210. கடைசி நபருக்குச் சிக்கலாகி, ஐ.சி.யூ.வில் சேர்க்க நேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய முறையின் சராசரி 60,000 ரூபாய். புதிய முறையின் சராசரி 70,000. புதிய முறைக்கு 17 விழுக்காடு கூடுதல் செலவு.

இங்கேதான் பழக்கம் குறுக்கே வருகிறது. சாய்ந்த தரவை நேராக்க, ஒவ்வொரு பில்லுக்கும் மடக்கை எடுத்து, அந்த மடக்கைகளின் சராசரியை ஒப்பிடுவது ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். மடக்கை பெரிய எண்களைச் சுருக்கிவிடும், வால் அடங்கும், வரைபடம் அழகாக மணி வடிவத்துக்கு நெருங்கும். அந்த வழியில் கணக்கிட்டுத் திரும்ப ரூபாய்க்கு மாற்றினால், பழைய முறைக்கு ஏறத்தாழ 58,300, புதிய முறைக்கு 49,700 என்று வருகிறது. இப்போது புதிய முறைதான் 15 விழுக்காடு மலிவு!

பில்கள் அதேதான், கூட்டலிலும் பிழை இல்லை. மடக்கைகளின் சராசரியை ரூபாய்க்குத் திருப்பினால் கிடைப்பது பெருக்குச் சராசரி. அது நாம் அன்றாடம் சொல்லும் கூட்டுச் சராசரியைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். தொகைகள் சிதறிக் கிடக்கக் கிடக்க இன்னும் கீழே இறங்கும். புதிய முறையில் 2,10,000 ரூபாய் பில் ஒன்று இருப்பதால் அங்கே இறக்கம் அதிகம். செலவு கூடிய அந்த நோயாளியின் பில்லை மடக்கை சுருக்கிவிடுவதால்தான் அந்த முறை மலிவாகத் தெரிகிறது.

காப்பீட்டு நிறுவனமோ அரசோ பெருக்குச் சராசரியைக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. ஐந்து நோயாளிகளுக்கும் சேர்த்து மூன்றரை லட்சம் கட்டியாக வேண்டும். நபர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தச் செலவைத் தருவது கூட்டுச் சராசரி ஒன்றுதான். செலவு பற்றிய ஆய்வுகளில் அதையே ஒப்பிட வேண்டும் என்று சுகாதாரப் பொருளியலாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

ராண்ட் ஆய்வில் எழுந்த சிக்கல்

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர்கள் அமெரிக்காவின் ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள். 1974 முதல் 1982 வரை அவர்கள் நடத்திய மருத்துவக் காப்பீட்டுச் சோதனையில் குடும்பங்களைப் பல திட்டங்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்குச் சிகிச்சை முழுக்க இலவசம். சிலர் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்களே கட்ட வேண்டும். கையிலிருந்து பணம் கொடுக்க நேர்ந்தால் மக்கள் மருத்துவத்தை எவ்வளவு குறைத்துக்கொள்கிறார்கள் என்பது கேள்வி. செலவுத் தரவோ வழக்கம்போல நீண்ட வாலுடன் வந்தது.

அங்கிருந்த புள்ளியியலாளர் நைஹுவா டுவான் 1983-இல் ஒரு திருத்தத்தை வெளியிட்டார். மடக்கைக் கணக்கில் மிஞ்சும் பிழைகளை ரூபாய் அளவுக்கு மாற்றி, அவற்றின் சராசரியைக் காரணியாக வைத்துப் பெருக்கினால், தவறவிட்ட கூட்டுச் சராசரியை மீட்டுவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் சிதறல் இரு பிரிவிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஒரே காரணி போதும். நம் பத்து பில்களில் பொதுக் காரணி ஏறத்தாழ 1.22. அதை இரு பக்கமும் பெருக்கினால் இரண்டும் சேர்ந்தே உயரும். '15 விழுக்காடு மலிவு' என்ற தவறு அப்படியே நிற்கும். சிதறல் பிரிவுக்குப் பிரிவு மாறும்போது இது எப்படி ஏமாற்றும் என்பதை வில்லார்ட் மானிங் 1998-இல் விரிவாகக் காட்டினார்.

வரிசையை மாற்றினால் போதும்

தீர்வுக்கான கருவி அதற்கு முன்பே இருந்தது. ஜான் நெல்டர், ராபர்ட் வெடர்பர்ன் இருவரும் 1972-இல் முன்வைத்த பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரிதான் அது. அதன் சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு பில்லுக்கும் மடக்கை எடுத்துப் பிறகு சராசரி காண்பது பழைய வழி. இங்கே பில்களை ரூபாயாகவே விட்டுவிட்டு, முதலில் சராசரி கண்டு, அந்தச் சராசரிக்கு மடக்கை எடுக்கிறார்கள். மடக்கை இணைப்பு என்பது இதுதான். திரும்ப மாற்றும்போது நேரே கூட்டுச் சராசரியே கைக்கு வருகிறது; திருத்தக் காரணி எதுவும் தேவையில்லை.

காமா என்ற சொல் சிதறலைப் பற்றியது. சராசரி பத்து மடங்கானால் சிதறலும் பத்து மடங்காகும் என்பது காமா பரவலின் அடிப்படை. சாதாரண வார்டில் பில்கள் சில ஆயிரங்களில் முன்பின்னாக இருக்கும். இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் வேறுபாடு லட்சங்களில் இருக்கும். மருத்துவச் செலவு பெரும்பாலும் இப்படி நடந்துகொள்வதால் காமா அதற்குப் பொருந்தி வருகிறது.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இதற்கு இரண்டு வரி போதும்:

```
m <- glm(cost ~ method, family = Gamma(link = "log"), data = d)
exp(coef(m))
```

நம் பத்து பில்களைக் கொடுத்தால் முதல் எண் 60000, இரண்டாவது 1.1667 என்று வரும். பழைய முறையின் சராசரி 60,000. புதிய முறையின் சராசரி அதைப்போல் 1.17 மடங்கு. முதலில் கையால் போட்ட கணக்கே திரும்ப வந்திருக்கிறது. வயது, நோயின் கடுமை, கூடவே உள்ள நீரிழிவு என்று பல காரணிகளையும் சேர்க்கும்போதுதான் மாதிரியின் உண்மையான பயன் தெரியும்.

ஒரு கண்ணி உண்டு. `link = "log"` என்பதை எழுத மறந்தால் அந்த மென்பொருள் காமாவுக்குத் தலைகீழி இணைப்பைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது கெழுவின் குறி எதிர்மறையாகிவிடும். அதை அடுக்கேற்றினால் 0.999998 போன்ற ஓர் எண் வரும். 'வித்தியாசமே இல்லை' என்று எழுதிவிடத் தோன்றும். விகிதங்கள் எல்லாம் ஒன்றை ஒட்டியே வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

விகிதத்தை எப்படிச் சொல்வது?

மாதிரி தரும் கெழு மடக்கை அளவில் இருக்கும். நீரிழிவுக்கான கெழு 0.20, அதன் திட்டப்பிழை 0.05 என்று ஒரு கட்டுரை அச்சிட்டால், அதிலிருந்து மருத்துவமனை நிர்வாகிக்கு ஒன்றும் புரியாது. கால்குலேட்டரில் `e^x` பொத்தானை அழுத்தினால் 0.20 என்பது 1.22 ஆகிறது. 'மற்றவை சமமாக இருக்க, நீரிழிவு உள்ளவரின் சராசரிச் செலவு இல்லாதவருடையதைப் போல் 1.22 மடங்கு' என்பது எவருக்கும் புரியும்.

95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியையும் மடக்கை அளவில் கண்டுபிடித்த பிறகே அடுக்கேற்ற வேண்டும். மேலே சொன்ன கெழுவுக்கு அது 1.11 முதல் 1.35 வரை. 1.22 நட்டநடுவில் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். விகிதங்களுக்கு அதுதான் இயல்பு. கெழுவையே விழுக்காடாகப் படிப்பதும் ஆபத்து. 0.02 என்றால் 2 விழுக்காடு என்பது ஏறக்குறையச் சரி. 0.69 என்றால் 69 விழுக்காடு கூடுதல் என்று படித்தால் தவறு. அதன் பொருள் செலவு இரு மடங்கு.

விகிதத்தை மட்டும் சொல்லி நிறுத்துவதும் பாதி வேலைதான். 20,000 ரூபாய் பில்லில் 1.22 மடங்கு என்றால் கூடுதல் 4,400 ரூபாய். மூன்று லட்ச ரூபாய் பில்லில் அதே விகிதம் 66,000 ரூபாய். எனவே அடிப்படைச் சராசரியையும், நோயாளிக்குச் சராசரியாக எத்தனை ரூபாய் வேறுபடுகிறது என்பதையும் விகிதத்தின் பக்கத்திலேயே தர வேண்டும்.

காமாவுக்கும் எல்லை உண்டு. ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பக்கமே போகாதவரின் செலவு பூஜ்யம். காமா பூஜ்யத்தை ஏற்காது. எல்லோருக்கும் ஒரு ரூபாயைக் கூட்டிவிட்டு மடக்கை எடுப்பது சிலர் கையாளும் குறுக்கு வழி. ஒரு ரூபாய்க்குப் பதில் நூறு ரூபாயைக் கூட்டினால் விடையே மாறிவிடும். இரு பகுதிகளாகப் பிரிப்பதே முறை: செலவு ஏற்பட்டதா என்பதற்கு ஒரு மாதிரி, ஏற்பட்டவர்களுக்கு எவ்வளவு என்பதற்கு காமா.

சிதறல் உண்மையிலேயே காமாவைப்போல் நடக்கிறதா என்பதற்குப் பார்க் சோதனை இருக்கிறது. சராசரி ஏற ஏற பிழைகளின் வர்க்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அது அளக்கும். விடை 2-ஐ ஒட்டி வந்தால் காமா பொருந்தும். 1-ஐ ஒட்டி வந்தால் பாய்ஸான் வகைச் சிதறல் பொருத்தம். நம் எடுத்துக்காட்டிலேயே இரு பிரிவின் சிதறலும் காமா எதிர்பார்ப்பதுபோல் இல்லை. அத்தகைய இடங்களில் விகிதம் நிலைக்கும். ஆனால் திட்டப்பிழையைச் சிதறல் அனுமானத்தைச் சாராத முறையில் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் 1.17-க்கான இடைவெளி தோராயமாக 0.4 முதல் 3.2 வரை விரிகிறது. புதிய முறை பாதிச் செலவில் முடியலாம். மூன்று மடங்கும் ஆகலாம். ஐந்தைந்து பேரை வைத்து மலிவு என்றும் சொல்ல முடியாது, அதிகம் என்றும் சொல்ல முடியாது. இடைவெளி அதைத்தான் ஒளிக்காமல் சொல்கிறது.

ஆகவே 'புதிய சிகிச்சையால் செலவு 15 விழுக்காடு குறைந்தது' என்ற செய்தியைப் படிப்பவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். அது கூட்டுச் சராசரிகளின் விகிதமா, மடக்கைகளிலிருந்து திரும்பிய எண்ணா? இடைவெளி எங்கே? ரூபாயில் எவ்வளவு? மூன்றுக்கும் விடை தராத ஆய்வை வைத்து எந்த மருத்துவமனையும் கட்டணத்தை நிர்ணயிக்கக் கூடாது.