இருபது மேசைக்கு எவ்வளவு மரம்?

தச்சுப் பட்டறைக்கு 20 மேசை ஆர்டர் வந்தால், ஒரு மேசையின் பொருள் பட்டியலை அப்படியே இருபதால் பெருக்குவதுதான் பலரின் வழக்கம். பணம் வீணாவது அங்கேதான். மேசையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கையிருப்பைக் கழித்த பிறகே அடுத்த படிக்கு இறங்க வேண்டும். ஆலைகளில் இதை ‘பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் எக்ஸ்ப்ளோஷன்’ என்பார்கள்.

கால்களைப் பார்ப்போம். மேசைக்கு 4 என்றால் மொத்தம் 80. இழைப்புக்கும் சேர்த்து ஒரு காலுக்கு 3 அங்குலச் சதுரத்தில் 30 அங்குல நீளக் கட்டை வேண்டும். 80 கால்களுக்கு 12.5 கன அடி. ஆனால் பழைய ஆர்டரில் மிஞ்சிய 12 கால்கள் மூலையில் தயாராகக் கிடக்கின்றன. செய்யவேண்டியவை 68, மரம் சுமார் 10.6 கன அடி போதும். மரக் கையிருப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தக் கால்கள் படாது.

ஸ்க்ரூ எளிது. சட்டத்துக்கு 16, மேல்பலகைக்கு 8. 20 மேசைக்கு 480. கையில் 130 இருந்தால் நூறு கொண்ட பெட்டி நான்கு வாங்கலாம்.

பாலிஷுக்குப் பரப்பளவே கணக்கு. மேல்பலகை 10 சதுர அடிதான். கால், சட்டம் சேர்ந்தால் 25. மொத்தம் 500 சதுர அடி. ஒரு லிட்டர் 100 சதுர அடிக்கு ஒரு பூச்சு வருமானால், இரண்டு பூச்சுக்கு 10 லிட்டர். பலகையை மட்டும் அளந்தவர் 4 லிட்டரோடு வந்து, பாதி வேலையில் மறுபடி கடைக்கு ஓடுவார்.