பேசியது எது, முடிவானது எது?
இலஞ்சிக் குடும்பம் ஒன்றின் பராமரிப்பு உரையாடலும் அதன் எழுத்துச் சுருக்கமும்

முதியவர் ஒருவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வேளையில், யார் பார்த்துக்கொள்வது, செலவை யார் ஏற்பது என்று பிள்ளைகள் கூடிப் பேசுவது வழக்கம். அவ்வாறு பேசிய சில வாரங்களிலேயே, அன்று தாம் அப்படிச் சொல்லவில்லை என்று ஒருவர் கூறுவதும், சொன்னதாக மற்றவர் வாதிடுவதும் பல குடும்பங்களில் நாங்கள் காண்பதே. இதைத் தவிர்க்க, இலஞ்சியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் தம் உரையாடலைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அதிலிருந்து சார்பற்ற சுருக்கம் ஒன்றை எழுதிக்கொண்டனர். அவர்களின் இசைவுடன், அடையாளம் வெளிப்படாத வகையில் அதை இங்கே தருகிறோம்.

குடும்பத்தின் நிலை

தாயாருக்கு வயது 78. சாரல் பெய்துகொண்டிருந்த ஆனி மாதத்தில் முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிவுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். வாக்கரின் துணையுடன் சில அடிகள் நடக்கிறார்; இரவில் கழிப்பறைக்குச் செல்ல ஒருவர் கட்டாயம் உடன் வேண்டும். கணவர் காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியமாக மாதம் 11,000 ரூபாய் வருகிறது. மூத்த மகன் சென்னையில் பணிபுரிகிறார். இளைய மகன் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். மகள் இலஞ்சியிலேயே அடுத்த தெருவில் வசித்து, தையல் தொழில் செய்து வருகிறார்.

உரையாடல் தாயாரின் கட்டிலருகே நடைபெற்றது. மூத்தவர் காணொலி அழைப்பில் இணைந்தார். பதிவு தொடங்குமுன் தாயார் உட்பட நால்வரிடமும் சம்மதம் கேட்கப்பட்டது. அந்தச் சம்மதமும் பதிவில் உள்ளது. பதிவை யாருக்கும் அனுப்புவதில்லை என்றும், சுருக்கத்தை நால்வரும் ஏற்றபின் அழித்துவிடுவது என்றும் பேசிக்கொண்டனர்.

பணமும் நேரமும்

மாதச் செலவு முதலில் கணக்கிடப்பட்டது. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை இருக்கும் பராமரிப்புப் பெண்மணிக்கு 15,000 ரூபாய்; வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவருக்கு, ஒரு முறைக்கு 500 வீதம் 12 முறைக்கு 6,000; மருந்துக்கு 3,000; டயப்பர் முதலிய பிற பொருள்களுக்கு 4,000. மொத்தம் 28,000 ரூபாய். ஓய்வூதியம் போக, பிள்ளைகள் ஏற்க வேண்டியது 17,000.

இதை மூவரும் சமமாகப் பகிரலாம், அதாவது ஆளுக்கு ஏறத்தாழ 5,700 ரூபாய் என்பது மூத்தவரின் கருத்து. பணிப்பெண் இல்லாத நாள்தோறுமான 14 மணி நேரமும் தம் பொறுப்பிலேயே இருப்பதையும், மாலை நேரத் தையல் வேலையைத் தாம் நிறுத்திவிட்டதையும் மகள் எடுத்துக் கூறினார். அந்த நேரத்தில் பெரும்பகுதி உறக்கமே என்று மூத்தவர் கருதினார். ஓர் இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது என்று மகள் பதிலளித்தார்.

சுருக்கத்தில் இவ்விரு கூற்றுகளும் அடுத்தடுத்து, எது சரி என்ற தீர்ப்பின்றி எழுதப்பட்டன. அதன்கீழ், ஒரு வாரம் இரவில் எழும் நேரங்களை நோட்டில் குறிப்பது என்ற முடிவு இடம்பெற்றது. ஏழு இரவுகளில் 17 முறை எழுந்ததாக நோட்டு காட்டியது. அதன்பின் மூத்தவரே சமப் பங்கு என்ற கருத்தைத் திரும்பப் பெற்றார். அவர் 11,000 ரூபாயும், இளையவர் 6,000 ரூபாயும் ஏற்பது என்றும், மகள் பணம் தர வேண்டியதில்லை என்றும் முடிவாயிற்று. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவுகளில் இளையவர் வந்து தங்கி, மறுநாள் முழுவதும் உடனிருக்கவும் ஒப்புக்கொண்டார்.

ஒரு சொல் விடுபட்டால்

முதல் வரைவை எழுதியவர் மூத்த மகன். அதில், “இரவுப் பொறுப்பைத் தங்கை ஏற்றுக்கொண்டார்” என்றிருந்தது. மகள் பதிவை மீண்டும் கேட்கும்படி கோரினார். பதிவில் அவர் கூறியிருந்தது, புரட்டாசி முடியும் வரை மட்டும் பார்த்துக்கொள்வதாக. ஒரு கால எல்லை விடுபட்டதால், மூன்று மாத உதவி முடிவில்லாக் கடமையாக மாறியிருந்தது. வரைவில் யாருக்கும் தீய எண்ணமில்லை. கேட்டவரின் மனத்தில் பதிந்ததே தாளிலும் இறங்கியிருந்தது.

எனவே, நால்வரில் யாருடைய பங்கையும் பெறாத எங்கள் சமூகப் பணியாளர், பதிவைக் கேட்டு இரண்டாம் வரைவை எழுதினார். ஒவ்வொரு கூற்றையும் மூன்றில் ஒன்றாக அவர் பிரித்தார்: சொல்லப்பட்டது, முடிவானது, முடிவாகாதது. முடிவான ஒவ்வொன்றுக்கும் யார், எதை, எந்த நாள் வரை என்ற மூன்றும் குறிக்கப்பட்டன. “சலிப்புடன் சொன்னார்”, “விட்டுக்கொடுத்தார்” போன்ற தொடர்கள் நீக்கப்பட்டன. அவை எழுதுபவரின் கணிப்பேயன்றிப் பேசியவரின் சொல் அல்ல. சுருக்கம் ஒருபுறம் சாய்கிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு: ஒவ்வொருவரும் தம் பெயருக்கு எதிரே உள்ள வரிகளைப் படித்து, “நான் சொன்னது இதுதான்” என்று கூற முடிய வேண்டும்.

தாயார் பதிவில் மிகக் குறைவாகவே பேசியிருந்தார். தம்மைக் குளிப்பாட்டுவது பெண்களாகவே இருக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் அப்போது செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் முதல் வரைவில் அது இடம்பெறவில்லை. இரண்டாம் வரைவில் அதுவே முதல் வரியாயிற்று. இதனால், இளையவர் உடனிருக்கும் ஞாயிறுகளிலும் குளிப்பாட்ட மட்டும் மகள் வந்து செல்வது என்று ஏற்பாடு மாறியது.

முடிவாகாதவை

இரண்டு செய்திகள் “முடிவாகாதவை” என்ற தலைப்பில் நிறுத்தப்பட்டன. ஒன்று, 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். இத்திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டிலேயே தரப்படுகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. தம் தாயாருக்கு எவை கிடைக்கும், செலவு எவ்வளவு குறையும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துச் சொல்லும் பொறுப்பு மகளின் கணவருக்கு அளிக்கப்பட்டது.

மற்றொன்று, தாயாரின் பெயரில் உள்ள வீடு. அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது; இப்போது வேண்டாம் என்று தாயார் கூறினார். சுருக்கத்தில் இவ்விரு வரிகளைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய சுருக்கம் குடும்பத்தின் நினைவுக்கான குறிப்பே தவிர, சொத்து ஆவணம் அன்று. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறத் தீர்ப்பாயத்தை நாடலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது பாதுகாப்பு. ஆகவே வீட்டைப் பற்றிய பேச்சை வழக்கறிஞர் முன்னிலையில் தனியே வைத்துக்கொள்வது நன்று.

சுருக்கம் இரண்டு பக்கங்களில் முடிந்தது. நால்வரும் படித்துக் கையொப்பமிட்டனர். தாயாருக்கு அது உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. கடைசி வரியில், புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கூடுவது என்று குறிக்கப்பட்டுள்ளது. அதற்குள் தாயார் துணையின்றி நடக்கத் தொடங்கினால் பணிப்பெண்ணின் நேரத்தைக் குறைப்பது பற்றியும், நடக்க இயலாவிடில் இரவுப் பொறுப்பை மாற்றுவது பற்றியும் அன்று பேசுவார்கள். இத்தகைய சுருக்கம் எழுத விரும்பும் குடும்பத்தார், நோயாளி வீடு திரும்பும் நாளுக்கு முன்பே எங்கள் சமூகப் பணிப் பிரிவை அணுகலாம்.