ஆறு மாதக் கணக்கு, ஒன்பது கோடி வித்தியாசம்

ஒரு தொழிற்சாலை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்து ஆண்டுகளில் செலவு, வரி, முதலீடு எல்லாம் போக அதன் கையில் மிஞ்சும் ரொக்கம் முறையே 10, 11, 12, 13, 14 கோடி ரூபாய். அதன் பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும். வாங்குபவர் தன் பணத்துக்கு எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம். அப்படியானால் இன்று அந்தத் தொழிற்சாலைக்கு என்ன விலை கொடுக்கலாம்?

எதிர்கால ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டினால் விடை கிடைக்கும். நிதித்துறையினர் இதை டிசிஎஃப் என்பார்கள். முதல் ஆண்டின் 10 கோடியை 1.12 ஆல் வகுக்க வேண்டும், இரண்டாம் ஆண்டின் 11 கோடியை 1.12 ஆல் இருமுறை வகுக்க வேண்டும். இப்படியே போனால் ஐந்து ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 42.4 கோடி வருகிறது. ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்தைய காலம் முழுவதற்குமான இறுதி மதிப்பு 210 கோடி. அதன் இன்றைய மதிப்பு 119.2 கோடி. ஆக மொத்தம் 161.6 கோடி.

இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் சம்பாதித்த பணம் மார்ச் 31 அன்றுதான் மொத்தமாகக் கைக்கு வருகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. எக்செல்லின் `NPV` சூத்திரமும் அப்படியே கணக்கிடுகிறது. உண்மையில் தொழிற்சாலை ஏப்ரலிலிருந்தே சரக்கு விற்கிறது, மாதாமாதம் பணம் வசூலிக்கிறது. முதல் ஆண்டின் 10 கோடியைப் பன்னிரண்டு சம பங்காக்கி, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வருவதாகக் கணக்கிட்டால் இன்றைய மதிப்பு 9.41 கோடி. ஆண்டு இறுதி முறை தருவதோ 8.93 கோடிதான். மொத்தமும் ஆண்டின் நடுவில் வருவதாக வைத்தால் 9.45 கோடி. மாதக் கணக்குக்கு மிக அருகில் நிற்பது இந்த ஆண்டு நடு முறைதான். காலத்தை 1, 2, 3 என்று எண்ணாமல் 0.5, 1.5, 2.5 என்று எண்ணுவதுதான் அதில் உள்ள ஒரே மாற்றம்.

இதனால் மதிப்பு எவ்வளவு உயரும்? ஒவ்வோர் ஆண்டின் பணமும் சரியாக அரை ஆண்டு முன்னே வருவதால், ஒவ்வொன்றும் ஒரே எண்ணால் பெருகும். தள்ளுபடி வீதத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அந்த எண் கிடைக்கும். 12 சதவீதத்துக்கு அது 1.058. 8 சதவீதம் என்றால் மதிப்பு 3.9 சதவீதம் கூடும், 15 சதவீதம் என்றால் 7.2 சதவீதம் கூடும். கணிப்பு ஐந்து ஆண்டுக்கா, பத்து ஆண்டுக்கா என்பதால் இது மாறுவதில்லை. நமது தொழிற்சாலையின் மதிப்பு 161.6 கோடியிலிருந்து 171 கோடியாகிறது. வித்தியாசம் 9.4 கோடி.

கடன் இருந்தால் பங்குதாரருக்கு இது இன்னும் பெரிதாகத் தெரியும். நிறுவனத்துக்கு 60 கோடி கடன் என்றால், அதைக் கழித்தபின் பங்கின் மதிப்பு ஒரு முறையில் 101.6 கோடி, மற்றதில் 111 கோடி. கடன் தொகை மாறாததால் ஏற்றம் முழுவதும் பங்குக்கே போகிறது. 5.8 சதவீதமாக இருந்தது 9 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது.

தவறு பெரும்பாலும் இறுதி மதிப்பில்தான் நேர்கிறது. நமது 210 கோடி, நிலையான வளர்ச்சிச் சூத்திரத்திலிருந்து வந்தது. ஆறாம் ஆண்டிலிருந்து வரும் பணமும் ஆண்டு முழுவதும் பரவித்தான் வரும் என்பதால், அதையும் 5 ஆண்டுக்குப் பதில் 4.5 ஆண்டுக்கே தள்ளுபடி செய்ய வேண்டும். அதே 210 கோடியை "ஐந்தாம் ஆண்டு முடிவில் இயக்க லாபத்தைப் போல இத்தனை மடங்குக்கு விற்போம்" என்ற கணக்கில் எடுத்திருந்தால் கதை வேறு. விற்பனை நடப்பது ஆண்டு இறுதியில். எனவே அதற்கு முழு 5 ஆண்டுதான். அப்போது மொத்த மதிப்பு 164.1 கோடி, ஏற்றம் 1.5 சதவீதம் மட்டுமே.

மதிப்பீட்டு அறிக்கையைப் படிப்பவர் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். இரு முறைகளின் விடைகளையும் வகுத்துப் பார்க்க வேண்டும். வளர்ச்சிச் சூத்திரம் பயன்பட்டிருந்தால், 12 சதவீத வீதத்தில் 1.058 வர வேண்டும். அதைவிடக் கூடுதலாக வந்தால் அரை ஆண்டை எங்கோ இருமுறை சேர்த்துவிட்டார்கள். குறைவாக வந்தால் இறுதி மதிப்பு பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஆண்டு நடு முறை எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனங்கள் பலவற்றின் நிதியாண்டு ஜனவரி இறுதியில் முடிகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைப் பணம் ஆண்டின் கடைசி வாரங்களில்தான் குவிகிறது. அத்தகைய நிறுவனத்துக்கு ஆண்டு இறுதிக் கணக்கே உண்மைக்கு நெருக்கம். பணம் வரும் தேதிகள் துல்லியமாகத் தெரிந்திருந்தால் எக்செல்லின் `XNPV` சூத்திரத்தில் அவற்றை அப்படியே கொடுத்துவிடலாம். அப்போது இரண்டு அனுமானங்களுமே தேவைப்படாது.