பத்தடிக்கு ரெண்டு இஞ்சு

கும்பகோணத்தில் என் தங்கை வீடு கட்டியபோது ஐந்தாம் தவணையில் சிக்கல் வந்தது. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லித் தளம் போட்டு, தட்டோடு பதித்து முடித்தால் காண்ட்ராக்டருக்கு 1,50,000 ரூபாய் தர வேண்டும். வேலை முடிந்தது என்று அவர் சொன்ன மறுநாள் ஒரு மழை பெய்தது. வடமேற்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கி, சாயங்காலம் வரை வடியவில்லை. தங்கை கைப்பேசியை எடுத்து, "வேலை சரியில்லை, சரி பண்ணாம காசு கிடையாது" என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினாள். நான் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அனுப்பாதே என்றேன்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கும் காண்ட்ராக்டர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. எங்கே சரியில்லை, எவ்வளவு சரியில்லை, எப்படி ஆனால் சரி என்று ஒப்புக்கொள்வார்கள், அப்போது எத்தனை நாளில் பணம் வரும் என்ற நான்கு கேள்விக்கும் பதில் இல்லாத கடிதம், பணம் கொடுக்க மனசில்லாதவர் எழுதியதாகத்தான் அவருக்குப் படும். சனிக்கிழமை ஆனால் அவர் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி எண்ணிக் கொடுத்தாக வேண்டும். பணம் வராது என்று தோன்றினால் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார். அதோடு நம் வீடு நிற்கும்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். மேல்தளம் பற்றி அதில் இருந்தது இவ்வளவுதான்: சுண்ணாம்பு செங்கல் ஜல்லித் தளம், தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் குறைந்தது 2 அங்குல கனம், குழாயை நோக்கிப் பத்தடிக்கு 2 அங்குல வாட்டம், மேலே தட்டோடு, முடிந்தபின் 24 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதனை. பத்தடிக்கு 2 அங்குலம் என்பது அறுபதில் ஒரு பங்கு சரிவு. நம் பக்கத்துக் கொத்தனார்கள் நாக்கு நுனியில் வைத்திருக்கும் கணக்கு இது.

இந்த வாட்டத்தை யாரும் காங்கிரீட் கூரையில் கொடுப்பதில்லை. கூரை ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். அதன்மேல் போடும் ஜல்லித் தளத்தின் கனத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிவைக் கொண்டுவருகிறார்கள். தங்கை வீட்டு மாடி கிழக்கு மேற்காக 40 அடி, தெற்கு வடக்காக 30 அடி. நடுவில் மேடு, அங்கிருந்து இரண்டு பக்கமும் 15 அடி இறக்கம். அப்படியானால் குழாய்ப் பக்கம் 2 அங்குல கனம் இருக்கும்போது நடு மேட்டில் 5 அங்குலம் இருக்க வேண்டும். நடுவில் ஓர் அங்குலத்தைக் குறைத்தாலே ஜல்லியும் சுண்ணாம்பும் ஆள்கூலியும் கணிசமாக மிச்சமாகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டிய தளம் அது. வேகமாக முடிக்க நினைப்பவருக்குக் கனம் குறைவது வசதி. பார்வைக்கு அந்தக் குறை தெரியாது. தட்டோடு பதித்துப் பூச்சும் முடித்தால் எல்லா மாடியும் அழகாகத்தான் இருக்கும்.

அளந்தால் தெரியும். அதற்கு முப்பது நாற்பது அடி நீளக் கண்ணாடிக் குழாய் போதும், கொத்தனார்கள் டியூப் லெவல் என்பார்களே, அதேதான். தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கைப்பிடிச் சுவரின் ஒரு மூலையிலும் மறுமுனையை இன்னொரு மூலையிலும் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தைச் சுவர் முழுக்கச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டோம். எதிரெதிர்க் கோடுகளுக்கு நடுவே நூலை விறைப்பாகப் பிடித்து, நூலிலிருந்து தட்டோடு வரை ஆறு இடங்களில் அளந்தோம். மேட்டில் வரும் அளவுக்கும் குழாய்ப் பக்கம் வரும் அளவுக்கும் உள்ள வித்தியாசமே வாட்டம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தால்கூட மட்டம் பொய்யாகிவிடும். தண்ணீர் நிரப்பியபின் குழாயை முழு நீளத்துக்கும் விரலால் தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட வேண்டும்.

தெற்குப் பாதி முழுவதும் 3 அங்குலம் வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வடகிழக்குக் கால்பகுதியும் சரி. வடமேற்குக் கால்பகுதியில்தான் ஒன்றேகால் அங்குலம். அங்கே ஆறடிக்கு ஐந்தடி அளவில் அரை அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

வடகிழக்கில் குழாய் வாயருகே உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு தேக்கமும் இருந்தது. அதையும் பட்டியலில் சேர்க்கலாம் என்றாள் தங்கை. விசாரித்ததில், ஜல்லி போட்டபிறகு அந்தக் குழாயை மூன்றடி தள்ளி வைக்கச் சொன்னதே அவள்தான் என்று தெரிந்தது. அதைக் காண்ட்ராக்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை, சட்டத்துக்கும் பொருந்தாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 54-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. ஒருவர் தன் பங்கைச் செய்தால்தான் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்க முடியும் என்ற நிலையில், தன் பங்கைச் செய்யாதவர் மற்றவரிடம் கேட்க முடியாது. வேலை அளவுப்படி முடியாதவரை அதற்கான தவணையை நிறுத்திவைக்க நமக்கு இடம் கொடுப்பது இந்த நியாயம்தான். ஆனால் அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று, சாரமும் மரமும் தருவதாகச் சொன்ன வீட்டுக்காரர் தராமல் போனதைப் பற்றியது. அங்கே நஷ்ட ஈடு பெறுபவர் கட்டடக்காரர். நம் பக்கம் தவறு இருந்தால் இதே பிரிவு நம்மைத்தான் பிடிக்கும். அதனால் அந்தச் சிறு தேக்கத்தைச் சரிசெய்யும் செலவு தன்னுடையது என்று கடிதத்திலேயே எழுதச் சொன்னேன். தங்கைக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஒப்புக்கொண்டாள்.

அடுத்தது, எவ்வளவு நிறுத்துவது. ஒப்பந்தப்படி தவணை முழுவதையுமே நிறுத்தலாம். ஆனால் முக்கால் மாடி சரியாக இருக்கும்போது முழுப் பணத்தையும் பிடித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1,200 சதுர அடிக்கு 1,50,000 ரூபாய் என்றால் சதுர அடிக்கு 125 ரூபாய். குறையுள்ள 300 சதுர அடிக்கு 37,500. அதைப் பெயர்த்தெடுத்து, இடிபாடுகளை இறக்கி, திரும்பப் போட வேறு ஒருவரை அழைத்தால் என்ன ஆகும் என்று உள்ளூரில் விசாரித்து 60,000 ரூபாயை நிறுத்தினோம். மீதி 90,000 உடனே போனது. அந்தச் சனிக்கிழமைக் கூலி தடைபடவில்லை.

கடிதம் கடைசியில் இப்படி அமைந்தது:

> பொருள்: மேல்தள வேலை, 5-ஆம் தவணையில் நிறுத்திவைத்துள்ள 60,000 ரூபாய்
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். மேல்தள வேலை முடிந்ததாக நீங்கள் தெரிவித்ததை அடுத்து நேற்று அளந்து பார்த்தோம். தெற்குப் பாதியும் வடகிழக்குப் பகுதியும் ஒப்பந்த அளவுப்படி உள்ளன. அவற்றுக்கான 90,000 ரூபாயை இன்று உங்கள் கணக்கில் செலுத்தியிருக்கிறேன்.
>
> வடமேற்குப் பகுதியில் 15 அடிக்கு 3 அங்குல வாட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றேகால் அங்குலம் உள்ளது. ஆறடிக்கு ஐந்தடி அளவில் அரை அங்குலம் தண்ணீர் தேங்குகிறது. அளந்த இடங்களைக் குறித்த வரைபடமும் படங்களும் இணைத்துள்ளேன். ஒப்பந்தத்தின் மேல்தளப் பகுதியில் சொன்ன வாட்டம் இங்கே வராததால், இந்தப் பகுதிக்கான 60,000 ரூபாயை நிறுத்திவைத்திருக்கிறேன்.
>
> வாட்டம் 3 அங்குலம் வந்து, 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையில் கீழே ஈரம் காணாமலும், திறந்துவிட்டபின் தண்ணீர் தேங்காமலும் இருந்தால், சோதனை முடிந்த மூன்று நாளில் இந்தத் தொகையைச் செலுத்திவிடுவேன். வடகிழக்குக் குழாயை நான் கேட்டுத்தான் தள்ளி வைத்தீர்கள். அங்கே செய்ய வேண்டிய திருத்தத்தின் செலவு என்னுடையது.
>
> எங்கள் அளவில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஆட்களுடன் வந்து சேர்ந்தே அளக்கலாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்று தெரிவியுங்கள்.

எதை எழுதவில்லை என்பதும் முக்கியம். ஜல்லியை மிச்சம் பிடித்தீர்கள் என்று எழுதவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றினாலும், கூரையே அந்த இடத்தில் சற்றுத் தாழ்ந்திருந்து அதைக் கவனிக்காமல் ஒரே கனத்தில் போட்டிருக்கவும் கூடும். காரணம் எதுவானாலும் மேலே வந்த வாட்டம் ஒன்றேகால் அங்குலம்தான். அளந்ததை மறுக்க அவரும் அளந்துதான் ஆக வேண்டும். ஊகத்தை மறுக்க ஒரு கோபம் போதும். தட்டோட்டின் நிறம் அங்கங்கே மாறியிருந்ததும் தங்கைக்கு வருத்தம்தான், ஆனால் நிறம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதையும் விட்டுவிட்டோம்.

அன்று இரவே காண்ட்ராக்டர் அழைத்தார். "அம்மா, உங்க டியூப்ல குமிழி இருந்திருக்கும், என் ஆளு அப்படிப் போட மாட்டான்" என்றார். "அப்ப நீங்களே வந்து அளங்க, சார்" என்றாள் தங்கை. மறுநாள் தன் குழாயோடு வந்தார். சேர்ந்து அளந்ததில் ஒன்றரை அங்குலம் வந்தது, நாங்கள் எழுதியதைவிடக் கால் அங்குலம் கூடுதல். அவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தங்கை இரண்டு வரி எழுதி அனுப்பினாள்: இன்று சேர்ந்து அளந்ததில் ஒன்றரை அங்குலம், முந்தைய அளவுக்குப் பதில் இதையே எடுத்துக்கொள்வோம், 3 அங்குலம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

தொலைபேசியில் பேசியதை இப்படி அன்றைக்கே எழுத்தில் கொண்டுவருவது அவசியம். ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, வர வேண்டியதை முழுவதுமோ கொஞ்சமோ விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. "சரி, பரவாயில்லை" என்று வாய்தவறிச் சொன்னதை, விட்டுக்கொடுத்ததாகப் பிறகு யாரும் சொல்லலாம். மின்னஞ்சலை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவும் வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, அதற்கு உரிய சான்றிதழோடு தரச் சொல்கிறது. அதனால் மூல மின்னஞ்சலையும் இணைப்புகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர்கள் பிறகு திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பகுதியைப் பெயர்த்துப் புதிதாக ஜல்லி போட்டு அடித்து, தட்டோடு பதித்து, ஈரச்சாக்குப் போட்டு ஆறவிட்டபின் சோதனை வைத்தோம். குழாய் வாய்களைச் சாக்கு சுருட்டி அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டினோம். கீழே அறைக் கூரையில் கைவைத்துப் பார்த்தால் ஈரமில்லை. திறந்துவிட்ட ஒரு மணி நேரத்தில் மாடி வடிந்தது. வாட்டம் 3 அங்குலத்துக்கு நூல் கூடுதலாகவே இருந்தது. தங்கை அங்கேயே நின்று 60,000 ரூபாயை அனுப்பினாள். வடகிழக்குக் குழாய்த் திருத்தத்துக்கு அவர் கேட்ட 1,800 ரூபாயையும் சேர்த்து அனுப்பிவிட்டு, இரண்டு தொகையையும் தேதியையும் குறித்துக் கடைசி மின்னஞ்சலை எழுத உட்கார்ந்தாள்.