எல்லா பாட்டிலும் குளுக்கோஸ் அல்ல!

‘ஒடம்புக்கு முடியல டாக்டர்... ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விட்டுடுங்க!’

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கும் கூத்தாநல்லூரில் மட்டுமல்ல, டெல்டாவின் எந்த ஊர் மருத்துவமனையில் போய் உட்கார்ந்தாலும் இந்தக் குரல் காதில் விழும். கம்பியில் தொங்கும் பாட்டில் எதுவாக இருந்தாலும் நம் மக்களுக்கு அதன் பெயர் குளுக்கோஸ்தான். ஆனால், அந்த பாட்டில்களில் பல, குளுக்கோஸ் துளியும் இல்லாதவை. அவற்றில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர்.

பெயரில் என்ன இருக்கிறது, எல்லாம் தண்ணீர்தானே என்று தோன்றலாம். உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர் மூன்றும் உடம்புக்குள் போனதும் போய்ச் சேரும் இடம் வேறு வேறு. இடம் மாறினால், காப்பாற்ற வேண்டிய தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும்.

உடம்புக்குள் இரண்டு வீடு

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் சுமார் 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 லிட்டர், செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதி 12 லிட்டர் செல்களுக்கு வெளியே. அந்த 12 லிட்டரிலும் 9 லிட்டர் செல்களுக்கு இடையில் உள்ள சந்துபொந்துகளில் தேங்கி நிற்கிறது. ரத்தக்குழாய்க்குள் ஓடும் நீர் வெறும் 3 லிட்டர்தான். நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் அந்த 3 லிட்டரை நம்பித்தான் இருக்கின்றன.

செல்லின் சுவர் தண்ணீரைத் தாராளமாக விடும். ஆனால் சோடியத்தை, அதாவது சாப்பாட்டு உப்பின் முக்கியமான பாதியை, உள்ளே தங்க விடாது. நுழைந்த சோடியத்தையும் இரவு பகலாக வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். எனவே உப்பு இருக்கும் இடம் செல்லுக்கு வெளியேதான். எந்தப் பக்கம் கரைசல் கெட்டியாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் தண்ணீர் நகரும்.

இது ஊறுகாய் போடும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நார்த்தங்காயை நறுக்கி உப்பில் போட்டால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். யாரும் ஊற்றிய தண்ணீர் அல்ல அது. வெளியே இருந்த உப்பு, காயின் செல்களுக்குள் இருந்து இழுத்தது. உலர்ந்த திராட்சையைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் இதற்கு நேர்மாறு. தண்ணீர் உள்ளே போய்த் திராட்சை உப்பிவிடும்.

மூன்று பாட்டில், ஒரே நோயாளி

இதே 60 கிலோ ஆளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, 3 லிட்டர் வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலரா போன்ற கடும் பேதியில் போவது வெறும் தண்ணீர் அல்ல, ஏறக்குறைய ரத்தத்தில் இருக்கும் அளவுக்கே உப்பு கலந்த தண்ணீர். எனவே இழப்பு முழுவதும் வெளி வீட்டில்தான். 12 லிட்டர் 9 ஆகிவிட்டது. ரத்தக்குழாயில் இருந்த 3 லிட்டர் இரண்டேகால் லிட்டர் ஆகிவிட்டது. செல்களுக்குள் இருந்த 24 லிட்டர் அப்படியே இருக்கிறது. நாடி வேகமாகத் துடிக்கிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, சிறுநீர் குறைகிறது.

இவருக்கு 3 லிட்டர் சலைன் ஏற்றினால் என்ன ஆகும்? பாட்டிலில் ‘என்.எஸ்.’ என்று இருப்பது இதுதான். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. செல்லுக்கு வெளியே உள்ள நீரின் அடர்த்திக்கு ஏறக்குறைய சமம். அடர்த்தி மாறாததால் தண்ணீருக்கு உள்ளே போக வேண்டிய காரணமே இல்லை. 3 லிட்டரும் வெளி வீட்டிலேயே தங்கும். 9 லிட்டர் மறுபடி 12 ஆகும், ரத்தக்குழாயில் 3 லிட்டர் திரும்பும். நாடி நிதானமாகும்.

அதே ஆளுக்கு 3 லிட்டர் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால்? ‘டி5’ என்று எழுதியிருக்கும் பாட்டிலில் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை உண்டு. அதை உடம்பு எரித்துவிடும். மிச்சம் 3 லிட்டர் பச்சைத் தண்ணீர். வெளி வீடு நீர்த்துப்போகிறது, தண்ணீர் செல்களுக்குள் நகர்கிறது. இரண்டு பக்கமும் சமமாகும்போது கணக்கு இப்படி நிற்கும்: 3 லிட்டரில் சுமார் 2.2 லிட்டர் செல்களுக்குள் போய்விட்டது. வெளியே தங்கியது 0.8 லிட்டர். ரத்தக்குழாய்க்குக் கிடைத்தது வெறும் 200 மில்லி. ஆறு பாட்டில் ஏற்றியும் ஆள் எழுந்து உட்கார முடியாது.

அதோடு போவதில்லை. 140 இருந்த ரத்த சோடியம் 128-க்கு இறங்கிவிடும். செல்கள் உப்பும். கை, கால் தசைகள் கொஞ்சம் உப்பினால் பாதகமில்லை. மூளை அப்படியல்ல. சுற்றிலும் மண்டையோடு, விரிய இடமில்லை. தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம், சோடியம் இன்னும் இறங்கினால் வலிப்பு, நினைவிழப்பு. சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கினால் ஆபத்து அதிகம். பேதி நின்ற பிறகும் நோயாளி சம்பந்தமில்லாமல் பேசினால், ‘களைப்பு’ என்று விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வாய்வழியாகப் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் கணக்கு இதேதான். போனது உப்பும் தண்ணீரும். திரும்ப வருவது தண்ணீர் மட்டும்.

அப்படியானால் அந்தச் சர்க்கரை எதற்கு? பச்சைத் தண்ணீரை நேராக நரம்பில் ஏற்றினால், ஊசி இறங்கும் இடத்திலேயே ரத்த சிவப்பணுக்கள் திராட்சை போல உப்பி வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் சர்க்கரை. அது உணவுக்காகச் சேர்த்தது அல்ல. அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒன்றிரண்டு இட்லியில் கிடைக்கும் தெம்புதான் அதில் உண்டு.

குளுக்கோஸ் சரியாகும் இடம்

டி5 பாட்டில் தப்பானது என்று அர்த்தமில்லை. சித்திரை வெயிலில் வயலில் நிற்பவருக்கு வியர்வையில் போவது தண்ணீர் அதிகம், உப்பு குறைவு. வெளி வீடு கெட்டியாகிறது, செல்களுக்குள் இருந்து தண்ணீரை இழுக்கிறது, தாகம் எடுக்கிறது. அவர் பச்சைத் தண்ணீர் குடிப்பது சரியே. காய்ச்சலோடு நாள்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் படுத்திருக்கும் முதியவருக்கு சோடியம் 155, 160 என்று ஏறியிருக்கும். அவருடைய செல்கள்தான் வற்றியிருக்கின்றன. அவருக்கு டி5 நிதானமாக ஏற்ற வேண்டியிருக்கும். வேகமாக ஏற்றினால் அங்கேயும் மூளை வீங்கும்.

சலைனுக்கும் எல்லை உண்டு. அது வெளியேயே தங்குவதுதான் அதன் பலம். அதுவே அதன் ஆபத்தும். ஒரு லிட்டர் சலைனில் ரத்தக்குழாயில் நிற்பது கால் லிட்டர். மீதி முக்கால் லிட்டர் சந்துபொந்துகளுக்குப் போகிறது. இதயமும் சிறுநீரகமும் பலவீனமாக உள்ளவருக்கு ‘அசதியாக இருக்கிறது’ என்று இரண்டு பாட்டில் ஏற்றினால், கால் வீங்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் குழி விழும். படுத்தால் மூச்சு முட்டினால் நுரையீரலிலும் நீர் கோத்துவிட்டது என்று பொருள்.

‘டி.என்.எஸ்.’ என்ற பாட்டிலில் சர்க்கரை, உப்பு இரண்டும் இருக்கும். சர்க்கரை எரிந்ததும் அது சலைனாகவே நடந்துகொள்ளும். ‘ஆர்.எல்.’ என்பது உப்போடு பொட்டாசியமும் வேறு சிலவும் சேர்ந்தது. காலராவில் மருத்துவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

காரைக்காலும் பன்காவும்

2022 ஜூலையில் பக்கத்து காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோருக்கும் பாட்டில் ஏற்ற முடியாது. அதற்கான விடை 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்கா அகதிகள் முகாமில் கிடைத்தது. சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுத்தார். 30 சதவிகிதம் வரை இருந்த இறப்பு, 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது.

காரணம் குடலில் இருக்கிறது. பேதியில் குடல் வெறும் உப்பைச் சரியாக உறிஞ்சாது. ஆனால் சர்க்கரையும் சோடியமும் ஒன்றாக வந்தால் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கதவு பேதியிலும் வேலை செய்யும். உப்பு உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். இங்கே சர்க்கரை உணவல்ல, உப்புக்குக் கதவு திறந்துவிடும் சாவி.

அந்தக் கரைசலின் இன்றைய வடிவம்தான் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். எல்லாம் அளந்து வைத்தவை. தவறு நடப்பது கரைக்கும்போதுதான். ‘ஒரு டம்ளர் போதும்’ என்று 200 மில்லியில் பாதிப் பொட்டலத்தைப் போட்டால், கரைசல் இரண்டரை மடங்கு கெட்டியாகிவிடும். நார்த்தங்காய் ஜாடியில் நடந்தது குடலிலும் நடக்கும். உடம்பிலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுபட்டு பேதி கூடும். குழந்தைக்கு ரத்த சோடியமும் எகிறும். முழுப் பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கென்றே சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

டெல்டாவின் உப்புப் போட்ட நீராகாரத்திலும், கூத்தாநல்லூர் பள்ளிவாசல்களில் ரமலான் மாலைகளில் ஊற்றும் நோன்புக் கஞ்சியிலும் இதே கூட்டணி உண்டு: தண்ணீர், உப்பு, செரித்தால் குளுக்கோஸாகும் அரிசி. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காதவருக்குப் பச்சைத் தண்ணீரைவிடக் கஞ்சி நின்று தாங்குவது இதனால்தான். ஆனால் அளவு கைக்குக் கை மாறும் என்பதால், கடும் பேதிக்குப் பொட்டலம்தான் நம்பகமானது. கண் குழிந்து, குடிக்கவும் முடியாமல் சோர்ந்து, ஆறு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால், பொட்டலத்தையும் தாண்டிவிட்டது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அங்கே போய் ‘குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்பதைவிட, ‘எத்தனை தடவை போச்சு, என்ன குடிச்சாங்க, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க’ என்ற மூன்றையும் சொன்னாலே போதும். எந்த பாட்டில் என்று முடிவு செய்ய மருத்துவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.