உஷார்! நீங்களே கட்டிய கட்டிடத்தின் கணக்கில் எதையெல்லாம் ஏற்றியிருக்கிறீர்கள்?

ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துக் கட்டினால், கட்டிடத்தின் விலை அவர் தரும் பில்லில் இருக்கும். நிறுவனமே சிமென்ட் வாங்கி, கொத்தனார் வைத்து, தன் ஃபிட்டர்களை இறக்கிக் கட்டினால் அப்படி ஒரு பில் கிடையாது. விலையை உங்கள் கணக்காளர்தான் கூட்டிச் சொல்ல வேண்டும். மார்ச் 31 நெருங்கும்போது லாபம் குறைவாகத் தெரிந்தால், "இதையும் கட்டிடக் கணக்கில் போட்டுவிடு" என்ற குரல் எழும். அந்த ஒரு வரிப் பதிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழிற்சாலைக் கட்டிடத்தின் ஆயுள் 30 ஆண்டுகள். இந்த ஆண்டுச் செலவாகப் போக வேண்டிய ஒரு லட்சம் ரூபாயைக் கட்டிடத்தில் ஏற்றினால், ஆண்டுக்குச் சுமார் 3,300 ரூபாய் மட்டுமே தேய்மானமாக வெளியே தெரியும். மீதியெல்லாம் லாபம்போல நிற்கும். அந்த லாபத்தை நம்பித்தான் வங்கி கடன் வரம்பை உயர்த்தும், பங்குதாரர்கள் பங்கு கேட்பார்கள்.

விதி என்ன சொல்கிறது?

பெரிய நிறுவனங்களுக்கு இந்த் ஏஎஸ் 16, மற்றவற்றுக்குக் கணக்கியல் தரநிலை 10. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. சொத்தை அதன் இடத்துக்கும், பயன்படுத்தக்கூடிய நிலைக்கும் கொண்டுவர நேரடியாகத் தேவைப்பட்ட செலவு மட்டுமே அதன் அடக்கத்தில் சேரும். நிர்வாகச் செலவும் பொதுவான மேற்செலவும் சேராது.

இங்கேதான் பலர் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். "கட்டிடம் கட்டாமல் இருந்தாலும் இந்தச் செலவு வந்திருக்குமா?" என்பது சரியான சோதனை அல்ல. உங்கள் நிரந்தர வெல்டர் கட்டிடம் கட்டாவிட்டாலும் சம்பளம் வாங்கியிருப்பார். ஆனால் ஆறு வாரம் அவர் கூரை ட்ரஸ் பற்றவைத்திருந்தால், அந்த ஆறு வாரச் சம்பளமும் அதற்குரிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கும் கட்டிடத்தில் சேரும். உங்கள் சொந்தக் கலவை இயந்திரம் அங்கே ஓடிய காலத்தின் தேய்மானமும் சேரும். ஆனால் தலைமை அலுவலக வாடகையில் ஒரு பங்குகூடச் சேராது. கேட்க வேண்டிய கேள்வி, "இந்த உழைப்பும் பொருளும் இந்தக் கட்டிடத்துக்குள் போனதா, அதற்குச் சான்று இருக்கிறதா?" என்பதே.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு வார்ப்பட நிறுவனம் தன் வளாகத்திலேயே புது ஷெட் கட்டியதாக வைத்துக்கொள்வோம். கட்டிட லெட்ஜரில் உள்ளவை, லட்சத்தில்: ஜி.எஸ்.டி. நீங்கலாகப் பொருட்கள் 53, தளத்தில் கொடுத்த கூலி 21, சொந்தப் பட்டறையில் செய்த ட்ரஸ் 14, தள இன்ஜினீயர் சம்பளம் 4, வரைபடம், மண் பரிசோதனை, அனுமதிக் கட்டணம் 3, அலுவலகச் செலவில் பங்கு 7, கடன் வட்டி 9, திறப்பு விழா 2. மொத்தம் 113 லட்சம்.

பொருளும் கூலியும் சேர வேண்டியவைதான். ஆனால் கனமழையில் சிமென்ட் மூட்டைகள் நனைந்து வீணாகி, சரிந்த அஸ்திவாரக் குழியை மறுபடி தோண்டியதில் 3 லட்சம் போயிருக்கிறது. கம்பி வெட்டும்போது மிஞ்சும் துண்டு இயல்பான சேதாரம், அது அடக்கத்தில் இருக்கலாம். மழையில் போன 3 லட்சம் இயல்புக்கு மீறிய விரயம். அது இந்த ஆண்டின் நஷ்டம்.

ட்ரஸ்ஸை வெளி வாடிக்கையாளருக்கு விற்கும் விலையில் 14 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். பட்டறையில் ஆன அடக்கம் 11 லட்சம். தனக்குத் தானே விற்று எவரும் லாபம் பார்க்க முடியாது. 3 லட்சம் கழிய வேண்டும்.

அலுவலகப் பங்கு 7 லட்சமும் திறப்பு விழா 2 லட்சமும் முழுதாக வெளியே போகும்.

வட்டியைக் கவனியுங்கள். கட்டுமானத்துக்கென்றே வாங்கிய கடன், மாதம் 50,000 வீதம் 18 மாதம். ஒரு சொத்து தயாராகக் கணிசமான காலம், சாதாரணமாக 12 மாதம், பிடித்தால் அதன் கடன் வட்டியை ஏற்றலாம். ஆனால் இங்கே தகராறால் 3 மாதம் வேலை அடியோடு நின்றது. கட்டி முடித்த பிறகு இயந்திரம் வரும்வரை 2 மாதம் ஷெட் சும்மா கிடந்தது. இந்த 5 மாத வட்டி, 2.5 லட்சம், சேராது. கான்கிரீட் இறுகக் காத்திருக்கும் நாட்களை மட்டும் நிறுத்தமாகக் கருத வேண்டாம், அது வேலையின் ஒரு பகுதி. வருமான வரியில் இதே வட்டிக்கு வேறு வழி: சொத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் நாள்வரை உள்ள வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. ஆகவே வரிக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுப்போனதும் ஆபத்துதான்

பொருட்களுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி. 9 லட்சத்தை இந்த நிறுவனம் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டது. சொந்தப் பயன்பாட்டுக்குக் கட்டும் அசையாச் சொத்துக்கு, அதன் செலவு மூலதனமாக ஏற்றப்படும் அளவுக்கு, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அந்த வரவைத் தடுக்கிறது. 2024 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்துப் பலர் நம்பிக்கை வைத்தார்கள். 2025 நிதிச் சட்டம் 2017 ஜூலை முதலே செல்லும்படி சொல்லை மாற்றி அந்த வாசலை மூடிவிட்டது. இயந்திரத்துக்கான அஸ்திவாரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. திரும்பக் கிடைக்காத வரி, அடக்கத்தின் பகுதி. எனவே 9 லட்சம் கட்டிடத்தில் ஏற வேண்டும். எடுத்த வரவைத் திருப்பாவிட்டால் நோட்டீஸ் வட்டியோடும் அபராதத்தோடும் வரலாம்.

இப்போது கூட்டுங்கள். 113-லிருந்து 17.5 போய், 9 சேர்ந்து, சரியான அடக்கம் 104.5 லட்சம். வித்தியாசம் 8.5 லட்சம்தானே என்று தோன்றும். உண்மையில் பிழை 26.5 லட்சத்துக்கு. இரு பக்கத் தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்பதால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டிட லெட்ஜரைத் திறந்து, பில்லோ கூலிப் பட்டியலோ இல்லாமல் வெறும் ஜர்னல் பதிவாக வந்தவற்றைத் தனியே எடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில், முழு லட்சங்களில், "பங்கு" அல்லது "மாற்றம்" என்ற குறிப்போடு இருப்பவைதான் முதல் சந்தேகம். தொழிலாளர் சம்பளம் சேர்ந்திருந்தால், யார், எந்த நாளில், தளத்தில் என்ன வேலை செய்தார் என்ற மஸ்டர் ரோல் இருக்க வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு யோசித்து எழுதும் சதவீதம் ஆடிட்டர் முன் நிற்காது. பொருளுக்கு ஸ்டோர் கொடுத்த சீட்டு வேண்டும். இயந்திரத்துக்கு ஓடிய மணிநேரக் குறிப்பு வேண்டும். வேலை நின்ற நாளும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கட்டிடம் முடியாவிட்டால், எத்தனை ஆண்டாக அது கட்டுமானத்தில் கிடக்கிறது என்பதை நிதிநிலை அறிக்கையிலேயே வயதுவாரியாகக் காட்டியாக வேண்டும். மூன்று ஆண்டு தாண்டிய தொகை யார் கண்ணுக்கும் உறுத்தும். இருப்புநிலைக் குறிப்பில் கையெழுத்துப் போடும் முன், சான்று இல்லாத ஒவ்வொரு வரியையும் கட்டிடத்திலிருந்து இறக்கிவிடுங்கள். லாபம் குறைந்தால் குறையட்டும், அதுதான் உங்கள் உண்மையான லாபம்.